உவர் சதுப்பின் வளர்ச்சியும் கடல்மட்டத்தின் உயர்வும்: ஒரு மில்லிமீட்டர்க் கணக்கு

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டையிலும் அதனை அடுத்த தம்பானூரிலும் பெருமழை பெய்தால் சாலைகளில் நீர் தேங்குவது நகர மக்கள் நன்கறிந்த செய்தி. வடிகால்களை மீட்பதற்காக 2015-ஆம் ஆண்டில் 'ஆபரேஷன் அனந்தா' என்னும் பெயரில் ஒரு தனி நடவடிக்கையே மேற்கொள்ளப்பட்டது. தம்பானூர் வழியாகச் செல்லும் ஆமையிழஞ்சான் தோடு நகரத்தின் மழைநீரையும் அதனுடன் கலந்த மண்ணையும் ஆக்குளம்–வேளிக் காயலில் கொண்டு சேர்க்கிறது. நகரில் நீர் தேங்கும்போது வண்டலைத் தடையாகக் கருதுகிறோம். தூர் வாரி அகற்றுகிறோம். ஆனால் அதே வண்டல் கடலோரத்தை அடையும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. ஓதநீர் ஏறி இறங்கும் தாழ்ந்த நிலங்கள், உயர்ந்துவரும் கடலுக்கு மேலே தலைதூக்கி நிற்பதற்கு அதுவே மூலதனமாகும்.

இத்தகைய நிலங்களுள் ஒன்று உவர் சதுப்பு. இது ஆண்டுக்கு எவ்வளவு உயர்கிறது, கடல் எவ்வளவு உயர்கிறது, இரண்டையும் எவ்வாறு ஒப்பிடுவது என்பன பார்வைக்கு எளிய வினாக்கள். ஒரு வரவு செலவுக் கணக்கைப் போல, உயர்ச்சியிலிருந்து கடலின் உயர்வைக் கழித்தால் விடை வந்துவிடும் என்று தோன்றும். நடைமுறையில் அக்கழித்தலில்தான் பிழைகள் நேர்கின்றன.

உவர் சதுப்பு என்பது யாது?

கடல் ஓதம் எட்டக்கூடிய, ஆனால் எப்போதும் மூழ்கியிராத சேற்று நிலத்தில் உப்பைத் தாங்கும் சிறு செடிகள் அடர்ந்து வளர்ந்திருக்குமானால் அதனை உவர் சதுப்பு எனலாம். தமிழகத்தில் காவிரி வடிநிலத்தின் கடைக்கோடியிலுள்ள முத்துப்பேட்டை, வேதாரண்யம் பகுதிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டுகள். அங்கு அலையாத்தி மரங்களுக்குப் பின்னும் அவற்றின் இடையிலும் உமரிச் செடிகள் சேற்றைப் போர்த்திக் கிடக்கின்றன. கோடியக்கரையை மையமாகக் கொண்ட இப்பரப்பு 2002-ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

ஓதநீர் கலங்கலாக உள்ளே வருகிறது. செடிகளின் தண்டுகள் நீரின் வேகத்தைக் குறைக்கின்றன, நீர் தெளிகிறது, மண் தங்குகிறது. இது முதல் வரவு. செடிகளின் வேர்கள் சேற்றினுள் வளர்ந்து மடிகின்றன. காற்றுப் புகாத சேற்றில் அவை முற்றிலும் அழுகிப்போவதில்லை. மட்கிய பொருளாகத் தங்கி மண்ணை உட்புறமிருந்து பருக்கச் செய்கின்றன. இது இரண்டாவது வரவு. முன்னது வெளியிலிருந்து வரும் கனிமப் பொருள். பின்னது அவ்விடத்திலேயே உண்டாகும் கரிமப் பொருள்.

இவ்விரண்டும் இடத்தை நிரப்பும் விதம் வேறுபட்டது. 2016-இல் ஜேம்ஸ் மாரிசும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் அமெரிக்கக் கடலோரச் சதுப்புகளிலிருந்து எடுக்கப்பட்ட ஏராளமான மண் மாதிரிகளை ஆராய்ந்து ஓர் எளிய விதியை வெளியிட்டனர். தூய கரிமப் பொருள் சதுப்பில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.085 கிராம் அளவிலும், தூய கனிமப் பொருள் ஏறத்தாழ 1.99 கிராம் அளவிலும் அடைபடுகின்றன என்பது அவ்விதி. எடை சமமாயின், கரிமப் பொருள் இருபது மடங்குக்கும் மேலான இடத்தை நிரப்புகிறது என்பது இதனால் பெறப்படும்.

இதனைச் சதுர மீட்டர்க் கணக்காக மாற்றினால் நினைவில் கொள்வது எளிது. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஆண்டுக்கு 1 கிலோகிராம் கனிம மண் தங்கினால் நிலம் சுமார் அரை மில்லிமீட்டர் உயரும். அதே பரப்பில் 100 கிராம் கரிமப் பொருள் அழுகாமல் எஞ்சினால் சுமார் 1.2 மில்லிமீட்டர் உயரும். பின்வரும் கணக்குகளுக்கு இவ்விரு எண்களே போதுமானவை.

கடலின் கணக்கு

இனிக் கடலின் பக்கத்தை நோக்குவோம். கேரளக் கடற்கரைக்கு நெடுநாளைய சான்று கொச்சித் துறைமுகத்தின் ஓத அளவி. அதன் பதிவுகள் 1939 முதல் கிடைக்கின்றன. இந்தியக் கடற்கரையின் நீண்டகால ஓதப் பதிவுகளை ஆராய்ந்து ஏ. எஸ். உன்னிகிருஷ்ணனும் டி. சங்கரும் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில், கொச்சியில் கடல்மட்டம் ஆண்டுக்கு 1.75 மி.மீ. வீதம் உயர்ந்து வந்ததாகக் கணக்கிட்டனர். மும்பைக்கு 1.20 மி.மீ. என்றும், விசாகப்பட்டினத்துக்கு 1.09 மி.மீ. என்றும், ஊக்ளி ஆற்றின் டயமண்ட் ஹார்பருக்கு 5.74 மி.மீ. என்றும் அவர்கள் கண்டனர்.

இவ்வெண்களை அப்படியே எடுத்துச் சதுப்புடன் ஒப்பிடலாமா என்றால், கூடாது. பனியூழிக்குப் பின் நிலவுலகின் மேலோடு மெல்ல மெல்ல மட்டம் மாறிவருவதால் உண்டாகும் விளைவை நீக்கிப் பெறப்பட்ட எண்கள் அவை. கொச்சியின் அளவி நேரடியாகக் காட்டிய உயர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 1.3 மி.மீ. மட்டுமே. உலகப் பெருங்கடலின் நீர் எவ்வளவு பெருகியது என்று ஆராய்பவருக்குத் திருத்திய எண் தேவை. ஆனால் சதுப்பு நிலம் அறிவது, தான் நிற்கும் தரைக்கும் நீருக்கும் இடையிலுள்ள உறவை மட்டுமே. ஆகவே சதுப்பின் கணக்கில் திருத்தப்படாத 'சார்புக் கடல்மட்ட' உயர்வையே எடுத்துக்கொள்ள வேண்டும். டயமண்ட் ஹார்பரின் எண் மற்றவற்றைவிடப் பெரிதும் மிகுந்திருப்பது இதனை விளக்கும். அங்கு நீர் மட்டும் உயரவில்லை. வங்க வடிநிலத்தின் மண் அடியில் அமுங்கித் தாழ்வதும் அவ்வெண்ணில் சேர்ந்திருக்கிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. மேற்கண்டவை பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டின் சராசரிகள். பன்னாட்டுப் பருவநிலைக் குழுவின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கையின்படி உலகச் சராசரிக் கடல்மட்டம் 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ. வீதமும், 1971 முதல் 2006 வரை 1.9 மி.மீ. வீதமும், 2006 முதல் 2018 வரை 3.7 மி.மீ. வீதமும் உயர்ந்தது. விகிதமே மாறிவருவதால், பழைய சராசரியை இன்றைய சதுப்புடன் ஒப்பிட்டுப் 'பாதுகாப்பாக உள்ளது' என்று முடிவு கூறுவது தவறாகும்.

ஒரு சதுப்பின் ஆண்டுக் கணக்கு

கணக்கு எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்க ஒரு கற்பனைச் சதுப்பை எடுத்துக்கொள்வோம். கீழ்வரும் எண்கள் எந்த ஒரு குறிப்பிட்ட இடத்திலும் அளக்கப்பட்டவை அல்ல. ஆயினும் ஓதவீச்சு குறைந்த நம் கடற்கரைக்குப் பொருந்தக்கூடியவை.

ஓதநீரில் ஒரு கன மீட்டருக்கு 40 கிராம் மண் கலந்துள்ளது எனக் கொள்வோம். சதுப்பின் மேல் நீர் ஏறும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 10 சென்டிமீட்டர் ஆழம் நிற்கிறது. ஆண்டில் 500 ஓதங்கள் சதுப்பின் மேல் ஏறுகின்றன. அப்படியாயின் ஒரு சதுர மீட்டரின் மேல் ஒவ்வொரு முறையும் 4 கிராம் மண் வருகிறது. அனைத்தும் தங்கிவிட்டால் ஆண்டுக்கு 2,000 கிராம், அதாவது 2 கிலோகிராம் சேரும். இதன் பயன் 1 மி.மீ. உயர்ச்சி. வேர்களின் வழியாக ஆண்டுக்கு 150 கிராம் கரிமப் பொருள் எஞ்சுகிறது என்றால் அதன் பயன் சுமார் 1.8 மி.மீ. ஆக மொத்த உயர்ச்சி ஆண்டுக்கு 2.8 மி.மீ.

கொச்சியின் பழைய விகிதமான 1.3 மி.மீ.யுடன் ஒப்பிட்டால் இச்சதுப்புக்கு உபரி இருக்கிறது. உலகச் சராசரியின் அண்மை விகிதமான 3.7 மி.மீ.யுடன் ஒப்பிட்டால் ஆண்டுக்கு 0.9 மி.மீ. பற்றாக்குறை ஏற்படுகிறது. ஒரே நிலம், ஒரே மண் வரவு. கடலின் விகிதம் மாறியதனால் உபரி பற்றாக்குறையாகிறது.

இப்பற்றாக்குறையை முப்பதாண்டுகளுக்குப் பெருக்கி, '27 மி.மீ. தாழும்' என்றும், நூறாண்டுகளுக்குப் பெருக்கி, '90 மி.மீ. தாழும்' என்றும் சொல்லத் தோன்றும். இதுவே மிகுதியாக நிகழும் பிழை. சதுப்பு ஒரு செயலற்ற பொருள் அன்று. நிலம் நீரை நோக்கித் தாழத் தாழ, அதன் மேல் ஏறும் நீரின் ஆழமும் ஏறும் முறைகளும் மிகுகின்றன. அதனால் மண் வரவும் மிகுகிறது.

மேற்கூறிய சதுப்பு 5 சென்டிமீட்டர் தாழ்ந்துவிட்டது எனக் கொள்வோம். இப்போது நீரின் சராசரி ஆழம் 15 செ.மீ.; ஏறும் ஓதங்கள் 650. ஒவ்வொரு முறையும் வரும் மண் 6 கிராம். ஆண்டுக்கு 3,900 கிராம். இதன் பயன் சுமார் 2 மி.மீ.; கரிமப் பொருளின் 1.8 மி.மீ.யைக் கூட்டினால் ஏறத்தாழ 3.7 மி.மீ. நிலத்தின் உயர்ச்சி கடலின் உயர்வை மீண்டும் எட்டிவிட்டது. சற்றுத் தாழ்ந்த ஒரு புதிய மட்டத்தில் சதுப்பு சமநிலை அடைகிறது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள பார்ன்ஸ்டபிள் சதுப்பு ஏறத்தாழ 4,000 ஆண்டுகளாக உயரும் கடலுடன் தானும் உயர்ந்து வந்ததை ஆல்பிரட் ரெட்பீல்டு 1972-இல் விளக்கினார். அத்தகைய நீண்ட வாழ்வுக்கு இத்தன்னொழுங்கே அடிப்படை.

ஆகவே உயரமான சதுப்பில் அளந்த குறைந்த விகிதத்தைக் கண்டு, 'இது மூழ்கிவிடும்' என்று முடிவு கட்டக் கூடாது. அது உயரமாக இருப்பதால்தான் அதற்கு மண் குறைவாகக் கிடைக்கிறது. ஒப்பீடு செய்பவர் விகிதத்துடன் நிலத்தின் மட்டத்தையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

எல்லை எங்கே?

தன்னொழுங்கு எல்லையற்றது அன்று. நீரில் மண்ணின் அளவு 40 கிராமிலிருந்து 20 கிராமாகக் குறைந்தால் என்ன நேரும்? 5 செ.மீ. தாழ்ந்த நிலையிலும் ஆண்டு வரவு 1,950 கிராமே. பயன் 1 மி.மீ. மட்டும். பற்றாக்குறை நீடிக்கிறது, நிலம் மேலும் தாழ்கிறது. ஆண்டின் பெரும்பாலான ஓதங்களும், அதாவது சுமார் 700 ஓதங்களும், மேலே ஏறும் நிலைக்கு வந்த பின்பும் தேவையான மண்ணைப் பெற நீரின் சராசரி ஆழம் சுமார் 28 செ.மீ. ஆக வேண்டும். தொடக்க நிலையிலிருந்து 18 செ.மீ. தாழ்ந்த பின்னரே கணக்கு நேராகும்.

ஓதவீச்சு பல மீட்டர் உள்ள கடற்கரையில் இத்தாழ்வு பெரிதன்று. ஆனால் கேரளத்திலும் தமிழகத்தின் தென்பகுதியிலும் ஓதவீச்சு ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு உட்பட்டது. காயல்களின் உட்பகுதியில் இன்னும் குறைவு. செடிகள் தாங்கக்கூடிய உயர எல்லையும் அதற்கேற்பக் குறுகியதே. அந்த எல்லைக்குக் கீழே சென்றால் செடிகள் மடியும். செடிகள் மடிந்தால் 1.8 மி.மீ. தந்துவந்த கரிம வரவு நின்றுபோகும். மண்ணைப் பிடித்து நிறுத்தும் தண்டுகளும் இரா. அதன்பின் மீட்சி அரிது. இதனால்தான் ஓதவீச்சுக் குறைந்த கடற்கரையில் மண் வரவு பாதியாவது, கடல்மட்ட உயர்வு விரைவதற்கு நிகரான தீங்காகிறது.

உலகின் பல பகுதிகளிலுள்ள சதுப்புகளையும் அலையாத்திக் காடுகளையும் ஒருங்கே ஆராய்ந்து நீல் செயின்டிலானும் பிறரும் 2023-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சார்புக் கடல்மட்டம் ஆண்டுக்கு 4 மி.மீ.க்கு மேல் உயரும் இடங்களில் நிலம் பின்தங்குவது நிகழக்கூடியது என்றும், 7 மி.மீ.க்கு மேல் அது மிகவும் நிகழக்கூடியது என்றும் அவர்கள் கண்டனர். இவை விதி அல்ல, வாய்ப்பின் அளவுகள். ஒவ்வோர் இடத்தின் எல்லையையும் அங்குள்ள மண் வரவே முடிவு செய்யும்.

அளக்கும் முறைகள்

சதுப்பின் உயர்ச்சியை அளக்கும் எளிய முறை, அதன் மேல் நிறம் மாறுபட்ட ஒரு மெல்லிய அடுக்கைப் பரப்பிவைத்து, சில ஆண்டுகள் கழித்து அதன் மேல் எவ்வளவு சேறு சேர்ந்தது என்று வெட்டிப் பார்ப்பதாகும். இங்கிலாந்தின் நார்போக் கடற்கரையில் ஜே. ஏ. ஸ்டியர்ஸ் 1930-களில் மணலைப் பரப்பி இவ்வாறு அளந்தார். பிற்காலத்தில் மணலுக்குப் பதிலாக வெண்ணிற பெல்ட்ஸ்பார் பொடி வழக்கத்துக்கு வந்தது.

பின்னோக்கிய காலத்தை அறிய மண்தண்டுகள் எடுக்கப்படுகின்றன. அணுகுண்டுச் சோதனைகளால் வானில் கலந்து நிலத்தில் படிந்த சீசியம்-137, 1963-ஐ ஒட்டிய படிவில் உச்சம் காட்டும். 2023-இல் எடுத்த தண்டில் அந்த உச்சம் 18 செ.மீ. ஆழத்தில் காணப்பட்டால், 60 ஆண்டுகளில் 180 மி.மீ.; அதாவது ஆண்டுக்கு 3 மி.மீ. என்று கணக்கிடலாம். இயற்கையான ஈயம்-210, ஏறத்தாழ 22 ஆண்டு அரைவாழ்வு உடையதாதலால், சுமார் ஒரு நூற்றாண்டுப் படிவைக் காலக்கணிப்புச் செய்ய உதவும். நண்டுகள் வளை தோண்டி மண்ணைப் புரட்டியிருந்தால் இவ்விரு முறைகளும் ஏமாற்றும். சீசியத்தின் உச்சம் கூர்மையாக இன்றி மழுங்கிப் பரவியிருப்பது அதற்கு அடையாளம்.

இவ்விரு முறைகளும் படிவின் தடிப்பையே காட்டுகின்றன. நிலத்தின் மட்டத்தைக் காட்டுவதில்லை. புதிய சேறு மேலே ஏறும்போதே அடியிலுள்ள பழைய சேறு அமுங்குகிறது, மட்குகிறது. எனவே உண்மையான மட்ட உயர்ச்சியை அறிய மற்றொரு கருவி தேவை. சேற்றின் ஊடே உறுதியான அடித்தளம் எட்டும்வரை ஓர் எஃகுக் கம்பியை இறக்கி, அதன் தலைப்பில் கிடைமட்டக் கரம் ஒன்றைப் பொருத்தி, கரத்திலிருந்து ஊசிகளை மண்ணின் மேற்பரப்பு வரை இறக்கி அளப்பர். கம்பி அசையாது, ஆதலால் ஊசிகளின் உயரம் மாறினால் அது நிலமட்டத்தின் மாற்றமே ஆகும். இதனை மேற்பரப்பு மட்டமானி எனலாம்.

ஓர் எடுத்துக்காட்டு: வெண்பொடி அடுக்கின் மேல் ஆண்டுக்கு 4 மி.மீ. சேறு சேர்ந்துள்ளது. மட்டமானியோ 2.5 மி.மீ. உயர்ச்சியையே காட்டுகிறது. இவற்றின் வேறுபாடான 1.5 மி.மீ., கம்பியின் அடிக்கு மேலுள்ள மண் அமுங்கியதன் அளவு. கடலின் உயர்வு 3.7 மி.மீ. ஆயின், அடுக்கை மட்டும் நம்பியவர் 0.3 மி.மீ. உபரி என்பார், மட்டமானியையும் படித்தவர் 1.2 மி.மீ. பற்றாக்குறை என்பார். கூட்டல் குறியே கழித்தல் குறியாக மாறிவிடுகிறது.

மண்தண்டுகளைப் படிப்பதிலும் இதே தொல்லை உண்டு. மேலடுக்குகள் இன்னும் அமுங்காதவை. அவற்றிலுள்ள கரிமப் பொருள் இன்னும் முழுமையாக மட்காதது. ஆகவே ஒவ்வொரு தண்டிலும் அண்மைக் கால விகிதம் பழைய விகிதத்தைவிட மிகுதியாகவே தோன்றும். அதனைக் கண்டு, 'கடல் விரைவதற்கேற்பச் சதுப்பும் விரைகிறது' என மகிழ்வது பெரும்பாலும் போலி மகிழ்ச்சியே.

முத்துப்பேட்டை தரும் பாடம்

வேர்களின் வரவு எத்துணை முக்கியம் என்பதைத் தமிழகமே கண்டிருக்கிறது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் முற்காலத்தில் அலையாத்தி மரங்கள் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டி எடுக்கப்பட்டன. மரமற்ற சேற்றின் மேல் வெயில் விழுந்தது, நீர் ஆவியாயிற்று, மண் சுருங்கித் தாழ்ந்தது. நடுவில் தொட்டி போன்ற பள்ளங்கள் உண்டாயின. ஓதநீர் அவற்றில் புகுந்தால் வடிய வழியில்லை. தேங்கிய நீர் வற்ற வற்ற உப்பு மிகுந்து, புதிய செடிகள் முளைக்கவும் இயலாமற்போயிற்று.

இங்கு நிலத்தின் மட்டம் தாழ்ந்தது கடலின் உயர்வினால் அன்று. வரவின் ஒரு தலைப்பு அடியோடு நீக்கப்பட்டதே காரணம். 1990-களில் மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் தமிழ்நாடு வனத்துறையும் மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் தடையின்றி வந்து செல்ல வழி செய்தன. அவற்றின் கரைகளில் கன்றுகள் நடப்பட்டன. நீர் வடிந்ததும் உப்பு குறைந்தது; செடிகள் தழைத்தன.

எனினும் வரவின் மற்றொரு தலைப்பு வேறிடத்தில் முடிவாகிறது. முத்துப்பேட்டைக்கு நன்னீரும் வண்டலும் கொண்டுவருவன காவிரியின் கடைக்கிளைகளான கோரையாறு, பாமணியாறு போன்றவை. 1934-இல் மேட்டூர் அணை இயங்கத் தொடங்கிய பின்னரும், வடிநிலத்துக்கு மேலே பிற அணைகள் எழுந்த பின்னரும், ஆற்றின் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கங்களிலேயே தங்கிவிடுகிறது. பாசனத்தின் நன்மை எவரும் மறுக்க இயலாதது. ஆனால் அதன் செலவு கடைக்கோடியில் மில்லிமீட்டர்களாகப் பதிவாகிறது என்பதும் கணக்கில் வரவேண்டும்.

மன்றோத்துருத்து

இதே வினா கேரளத்தில் மக்கள் வாழும் நிலத்திலேயே எழுந்துள்ளது. கொல்லம் மாவட்டத்தில் கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் கலக்குமிடத்தில் உள்ளது மன்றோத்துருத்து. திருவிதாங்கூரின் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோவின் பெயரைத் தாங்கியது அது. ஆற்றின் வண்டலால் அமைந்த இத்தீவுக் கூட்டத்தில் முன்னாளில் மழைக்கால வெள்ளம் ஆண்டுதோறும் புதிய வண்டலைப் பரப்பிச் செல்லும். அண்மைக் காலத்தில் ஓதம் ஏறும்போது உவர்நீர் வீட்டு முற்றங்களிலும் அறைகளிலும் புகுகிறது, சுவர்கள் அரிக்கப்படுகின்றன, பல குடும்பங்கள் வெளியேறிவிட்டன. இது உவர் சதுப்பு அன்று. தென்னையும் வீடுகளும் உள்ள தீவு. ஆயினும் அதன் கணக்கு அதே கணக்குத்தான்.

காரணங்களாகச் சொல்லப்படுபவை பல. கல்லடையாற்றின் குறுக்கே தென்மலையில் 1986-இல் அணை எழுந்தது. ஆற்றுப்படுகையில் மணல் அள்ளப்பட்டது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையைச் சிலரும், ரயில் பாதையின் அதிர்வைச் சிலரும் சுட்டுகின்றனர். கடல்மட்டத்தின் உயர்வும் இருக்கிறது. இவற்றுள் எது எவ்வளவு என்பதைச் சுவரில் காணும் நீர்த்தடத்தைக் கொண்டு பிரித்தறிய முடியாது. நீர் ஏறினாலும் நிலம் தாழ்ந்தாலும் தடம் ஒன்றே.

ஓர் உத்தேசக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஆண்டுக்கு 1 மி.மீ. வண்டல் பரவுவது நின்றுபோனதாகக் கொண்டால், 40 ஆண்டுகளில் இழப்பு 4 செ.மீ. சேற்றின் இயல்பான அமுக்கம் ஆண்டுக்கு 2 மி.மீ. என்றால் 8 செ.மீ. கடல் ஆண்டுக்கு 2.5 மி.மீ. உயர்ந்ததாகக் கொண்டால் 10 செ.மீ. மூன்றும் சேர்ந்து 22 செ.மீ. ஓதவீச்சு குறைந்த காயலில் இது வறண்ட முற்றத்துக்கும் நனைந்த முற்றத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் இந்த எண்களில் ஒவ்வொன்றும் அளந்து நிறுவப்பட வேண்டியது. பாறையில் நிலைகொண்ட குறியீட்டிலிருந்து மட்டம் எடுப்பதும், காயலின் உள்ளேயே ஓத அளவி வைப்பதும், தீவில் மட்டமானிக் கம்பிகளை இறக்குவதும் அதற்கான வழிகள்.

காரணத்தைப் பிரித்தறிவது வெறும் ஆய்வு ஆர்வத்துக்காக அன்று. வண்டல் இழப்பே முதன்மையானால், வெள்ள காலத்தில் அணையிலிருந்து வண்டலுடன் நீரைத் திறப்பது பற்றியும், மணல் அள்ளுவதைத் தடுப்பது பற்றியும் சிந்திக்கலாம். கேரளத்தில் ஆற்றங்கரைப் பாதுகாப்புக்கும் மணல் எடுப்பதை ஒழுங்குபடுத்தவும் 2001-ஆம் ஆண்டின் சட்டம் உள்ளது. ஆழத்தில் நிகழும் அமுக்கமே முதன்மையானால், எவ்வளவு வண்டல் கொணர்ந்தாலும் ஒரு பகுதியே ஈடாகும். வீடுகளை உயர்த்துவது அல்லது இடம் மாற்றுவதே எஞ்சும் வழி.

காயலின் வாயிலில் மீண்டும்

ஆக்குளம்–வேளிக் காயலுக்குத் திரும்பினால் ஒரு வேறுபாடு கண்ணில் படும். வேளியில் காயலின் வாயை மணல்திட்டு ஆண்டின் பெரும்பகுதி அடைத்து நிற்கிறது; 'பொழி' எனப்படும் அது மழைக்காலத்தில் உடைகிறது அல்லது வெட்டித் திறக்கப்படுகிறது. பொழி மூடியிருக்கும் காலத்தில் கடலோதம் உள்ளே வராது. கடல்வழி மண்ணும் வராது. காயலில் சேர்வது நகரத்தின் ஓடைகள் தரும் சேறே. எனவே 'ஆண்டில் 500 ஓதங்கள்' என்று தொடங்கும் மேற்கண்ட கணக்கை இங்கே எடுத்தாள இயலாது. பொழி எத்தனை நாள் திறந்திருந்தது என்பதிலிருந்தே கணக்கு தொடங்க வேண்டும். ஓரிடத்தின் விகிதத்தை மற்றோர் இடத்துக்குக் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு இது அருகிலேயே உள்ள சான்று.

2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை உவர் சதுப்புகளை மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் சேர்த்துள்ளது. அப்பாதுகாப்பு சதுப்பு இன்று இருக்கும் எல்லைக்கு உரியது. கடல் உயரும்போது சதுப்புக்கு இரு வழிகளே உள்ளன: மேல்நோக்கி உயர்வது அல்லது நிலத்தை நோக்கி நகர்வது. முதல் வழியை மேலேயுள்ள அணைகளும் மணற்குழிகளும் குறுக்குகின்றன. இரண்டாம் வழியைப் பின்புறம் எழுப்பப்படும் கரைகளும், உப்பளப் பாத்திகளும், இறால் குட்டைகளும் அடைக்கின்றன. ஒரு சதுப்பின் வரைபடத்தில் பரப்பை மட்டும் குறிக்கும் அலுவலர், அதன் மட்டம், ஆண்டு மண் வரவு, பின்புறம் எஞ்சியுள்ள தாழ்நிலம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் குறித்தால், அச்சதுப்பு அடுத்த தலைமுறையிலும் அங்கே இருக்குமா என்ற வினாவுக்கு விடை அந்த வரைபடத்திலேயே கிடைத்துவிடும்.